நடைவழியிலிருந்து படிக்க முடியாத ஸ்டால் சுவர்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வியாசர்பாடி தொழிற்பேட்டையில் பம்புகளுக்கான கேஸ்கெட்டும் ஓ-ரிங்கும் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் தொழிற்கண்காட்சியில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் ஸ்டால் ஒன்றைப் பிடித்திருக்கிறது. முன்பக்கம் மட்டும் திறப்பு, மற்ற மூன்று பக்கமும் சுவர். இங்கே சொல்லப்போகும் கணக்கெல்லாம் இந்த ஒரு ஸ்டாலுக்கானது. உங்கள் ஸ்டாலின் அளவு வேறாக இருந்தால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், வழி அதேதான்.

முதலில் அடிப்படை அளவுகள். அமைப்பாளர் தரும் ஷெல் ஸ்கீம் ஸ்டால் அலுமினியக் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைப் பலகைகளைச் செருகிக் கட்டியது. சுவரின் உயரம் 2.5 மீட்டர். கம்பத்துக்குக் கம்பம் ஏறத்தாழ 1 மீட்டர், அதில் கண்ணுக்குத் தெரியும் பலகை ஏறத்தாழ 95 செ.மீ. முன்பக்கம் மேலே கம்பெனி பெயரைத் தாங்கும் 30 செ.மீ. உயரப் பட்டைதான் பேஷியா. எதிர் வரிசைக்கும் நமக்கும் நடுவே நடைவழி 3 மீட்டர். நடப்பவரின் கண் மட்டத்தை 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆக, நடைவழியின் நடுவில் போகிறவரின் கண்ணிலிருந்து பின்சுவர் 4.5 மீட்டரில் இருக்கிறது. எதிர் வரிசையை ஒட்டிப் போகிறவருக்கு 6 மீட்டர். அமைப்பாளரின் கையேட்டில் பலகை அளவும் நடைவழி அகலமும் இருக்கும். டிசைனரிடம் பேசுவதற்கு முன்னால் அந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சுவரைப் பார்க்கிறார்கள், ஆனால் "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்கிறார்கள்

இது எழுத்தின் அளவில் வந்த பிழை இல்லை, சொல்லைத் தேர்ந்ததில் வந்த பிழை. பின்சுவரின் உச்சியில் கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும். அதன் கீழே "தரமே எங்கள் தாரக மந்திரம்" மாதிரி ஒரு வரி. அதற்கும் கீழே பதினான்கு பொருள்களின் படம், தரச் சான்றிதழ் முத்திரை, முகவரி, மூன்று செல்போன் எண். இவற்றில் எதுவுமே, போகிறவர் தனக்குள் கேட்கும் "இது எனக்கு வேண்டிய கடையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

கம்பெனி பெயரை பேஷியா ஏற்கெனவே சொல்லிவிட்டது. அதையே பின்சுவரின் மிக நல்ல இடத்திலும் எழுதினால் அந்த இடம் வீண். பெயரைக் கேட்டதுமே பொருள் நினைவுக்கு வரும் பெரிய நிறுவனங்களுக்கு அது சரிப்படும். பட்டறைக்குச் சரிப்படாது. பின்சுவரின் முதல் வரி பொருளைச் சொல்லவேண்டும், இரண்டாவது வரி உங்களிடம் வாங்க ஒரு காரணத்தைச் சொல்லவேண்டும். நம் பட்டறைக்கு இப்படி வைக்கலாம்:

பம்ப் கேஸ்கெட் ஓ-ரிங்
3 நாளில், உங்கள் அளவில்

முதல் வரியில் மூன்று சொல், இரண்டாவதில் நான்கு. இதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க ஆசை வந்தால், எந்தச் சொல்லை எடுக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். இரண்டாவது வரி மெய்யாகவும் இருக்கவேண்டும். மூன்று நாளில் கொடுக்க முடியாதென்றால் அந்த எண்ணைப் போடக்கூடாது, ஏனென்றால் ஸ்டாலுக்குள் வருகிறவர் முதலில் கேட்பதே அதைப் பற்றித்தான்.

தமிழா ஆங்கிலமா என்பது வாங்குகிறவரைப் பொறுத்தது. செம்புதாஸ் தெருக் கடைக்காரரும் காசிமேட்டில் படகு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக்கும் வரும் கண்காட்சி என்றால் பெரிய வரி தமிழில் இருக்கட்டும். வெளிமாநிலக் கொள்முதல் அதிகாரிகள் வரும் கண்காட்சி என்றால் பெரிய வரியை ஆங்கிலத்தில் போட்டு, தமிழை இரண்டாவது வரிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு மொழியையும் ஒரே அளவில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினால் இரண்டுமே சிறுத்துவிடும்.

அறிகுறி: படிக்கத் தொடங்குகிறார்கள், முடிக்குமுன் கடந்துவிடுகிறார்கள்

பின்சுவர் எவ்வளவு நேரம் கண்ணில் படுகிறது என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. போட்டுப் பார்த்தால் திட்டமே மாறிவிடும்.

ஒருவர் இடப்பக்கத்திலிருந்து நடைவழியின் நடுவில் வருகிறார். நம் ஸ்டாலின் இடது ஓரத்துக்கு 3 மீட்டர் முன்னால் இருக்கும்போது, இடப்பக்கச் சுவர் அவருக்குப் பின்சுவரை முழுவதும் மறைத்துவிடுகிறது. ஓரத்துக்கு 1.5 மீட்டர் தூரத்தில்தான் பின்சுவரின் வலது முனை எட்டிப்பார்க்கத் தொடங்கும். 1 மீட்டர் தூரத்தில் சுவரின் வலது மூன்றில் ஒரு பங்கு மட்டும் தெரியும். இடது ஓரத்துக்கு நேரே வந்த பிறகுதான் முழுச்சுவரும் தெரியும். அங்கிருந்து வலது ஓரம் 3 மீட்டர். சாதாரண நடைக்கு நொடிக்கு 1 முதல் 1.2 மீட்டர் என்று கொண்டால், முழுச்சுவரும் கண்ணில் இருக்கும் நேரம் இரண்டரையிலிருந்து 3 நொடி. அவ்வளவுதான்.

இதிலிருந்து இரண்டு திருத்தம் கிடைக்கிறது. முதலாவதை மேலேயே பார்த்தோம்: ஏழு சொல்லுக்கு மேல் வேண்டாம். இரண்டாவதைப் பலர் தவறவிடுகிறார்கள். அதே ஆள் 3 மீட்டர் தூரத்தில் வரும்போதே நம் வலப்பக்கச் சுவரின் முன்பாதி, அதாவது நடைவழியை ஒட்டிய ஒன்றரை மீட்டர், அவருக்கு ஏறக்குறைய நேர்முகமாகத் தெரிகிறது. பின்சுவர் இன்னும் தெரியாத நேரத்தில் அவர் காணும் ஒரே இடம் அதுதான். அங்கே காலண்டரும் சான்றிதழ் பிரேமும் மாட்டுவது பெரிய இழப்பு.

ஆகவே பக்கச்சுவரின் முதல் பலகையில் ஒரே ஒரு பொருளின் படத்தை 80 செ.மீ. அகலத்தில் போடுங்கள். பதினான்கு படம் வேண்டாம். 20 செ.மீ. படம் 4.5 மீட்டர் தூரத்தில், நீட்டிய கையில் பிடித்த தபால்தலை அளவுக்குத்தான் தெரியும். அதில் கேஸ்கெட்டுக்கும் வாஷருக்கும் வித்தியாசம் தெரியாது.

கூட்டம் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதைத் தள வரைபடத்தில் நுழைவாயிலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இடமிருந்து வந்தால் வலச்சுவர், வலமிருந்து வந்தால் இடச்சுவர். இரண்டு பக்கமும் சமமாக வரும் என்று தோன்றினால் இரு சுவரிலும் போடலாம். மூலை ஸ்டாலுக்கு ஒரு பக்கச் சுவர் இருக்காது. திறந்திருக்கும் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவருக்குப் பின்சுவர் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும் என்பதால் இந்தச் சிக்கல் பாதியாகக் குறைந்துவிடும்.

படத்தின் தரம் பற்றி ஒரு வார்த்தை. பெரிய சுவருக்கு 300 டிபிஐ வேண்டும் என்று அச்சகத்தில் கேட்பார்கள். 4.5 மீட்டரில் நல்ல கண்ணால் பிரித்துக் காணக்கூடிய மிகச்சிறு புள்ளி ஏறத்தாழ 1.3 மி.மீ. 80 செ.மீ. அகலப் படத்தில் 2,300 பிக்ஸல் இருந்தால் ஒரு பிக்ஸல் அரை மி.மீட்டருக்கும் கீழே வரும், அது போதும். கெடுப்பது பிக்ஸல் குறைவு மட்டுமில்லை. பல கை மாறி வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் ஓரங்களைச் சுற்றி வரும் கறைதான் அதைவிட மோசமாகத் தெரியும். மூலப்படத்தை மின்னஞ்சலிலோ பென் டிரைவிலோ கொடுங்கள்.

அறிகுறி: கணினித் திரையில் பெரிதாக இருந்த எழுத்து அரங்கில் சிறிதாக இருக்கிறது

திரையில் முழுச்சுவரும் ஒரே பார்வையில் தெரிகிறது, கண்ணுக்கும் திரைக்கும் நடுவே இரண்டடி தூரம்தான். அங்கே பெரிதாகத் தெரிவது இங்கே பெரிதாகத் தெரியும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எழுத்தை பாயிண்ட் கணக்கில் சொல்வதையும் விட்டுவிடுங்கள். ஒரே பாயிண்ட் அளவில் இரண்டு தமிழ் எழுத்துருவைப் போட்டால் 'ப' இரண்டிலும் வேறுவேறு உயரத்தில் வரும். டிசைனரிடம் சொல்லவேண்டியது இதுதான்: "அச்சில் 'ப' எழுத்து இத்தனை செ.மீ. உயரம் வரணும்."

அந்த உயரத்துக்குக் கணக்கு எளிது. நடந்துகொண்டே படிக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்குத் தூரத்தில் நூறில் ஒரு பங்கு உயரம் வேண்டும். 6 மீட்டருக்கு 6 செ.மீ. தமிழுக்கு அதைப்போல ஒன்றரை மடங்கு கொடுங்கள்: 9 செ.மீ. காரணம் எழுத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ண, ஞ, ழ போன்ற எழுத்துகளில் அதே உயரத்துக்குள் இரண்டு மூன்று சுழி அடங்கவேண்டும். தூரத்தில் சுழிகள் ஒட்டிப்போனால் ண-வும் ன-வும் ஒன்றாகிவிடும். மிகத் தடித்த எழுத்துருவைத் தேர்ந்தாலும் இதேதான் நடக்கும், சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுவிடும். நடுத்தரத் தடிமன் போதும். 9 செ.மீ. என்பது கீழ் வரம்பு. முதல் வரிக்கு 12 செ.மீ. வைத்தால் பார்வையைப் பிடிக்கும், இரண்டாவது வரிக்கு 9 போதும்.

வரி இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். 'கீ' மேலே ஏறும், 'கூ' கீழே இறங்கும். 12 செ.மீ. எழுத்துள்ள வரிக்கு மேலும் கீழும் சேர்த்து ஏறத்தாழ 22 செ.மீ. உயரம் ஒதுக்குங்கள். 9 செ.மீ. வரிக்கு 16. இந்த இரண்டு எண்ணும் அடுத்த பிழைக்குத் தேவைப்படும்.

அச்சுக்கு அனுப்புமுன் ஒரு சோதனை. சுவரைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 3 மீட்டர் 30 செ.மீ. ஆகும், ஏ4 தாளின் நீளமும் கிட்டத்தட்ட அதுதான். டிசைனை அப்படி அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, 45 செ.மீ. தூரத்திலும் 60 செ.மீ. தூரத்திலும் நின்று பாருங்கள். 4.5 மீட்டரிலும் 6 மீட்டரிலும் கண்ணில் விழும் அதே அளவுதான் இது. பட்டறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவருக்கு மூன்று நொடி மட்டும் காட்டி, தாளைத் திருப்பிவிட்டு "என்ன எழுதியிருந்தது?" என்று கேளுங்கள். நாற்பது தாண்டியவர் என்றால் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வெள்ளெழுத்துத் தொல்லையால் தாள் மங்கினால் எழுத்தின் மேல் வீண்பழி விழும். முதல் வரி மட்டுமாவது முழு அளவில், ஏ4 தாள்களாகப் பிரித்து அச்சிட்டு, பட்டறை மதிலில் ஒட்டி ஆறு மீட்டரில் நடந்து பார்ப்பது இன்னும் நல்லது.

அறிகுறி: காலையில் நன்றாகத் தெரிந்தது, கூட்டம் வந்ததும் மறைந்துவிட்டது

வெறும் அரங்கில் எடுத்த போட்டோவில் குறையே தெரியாது. பதினோரு மணிக்கு மேல் ஸ்டாலுக்குள் நான்கு பேர் நிற்கும்போது எடுத்துப் பார்த்தால், சுவரின் கீழ்ப்பாதி இல்லவே இல்லை.

எங்கே தொடங்கினால் மறையாது? நடைவழியில் நிற்பவரின் கண் 1.5 மீட்டரில் இருக்கிறது. அவருக்கு 2 மீட்டர் முன்னால் நிற்பவரின் உச்சந்தலை 1.65 மீட்டரில் என்போம். பார்வை அந்தத் தலையைத் தொட்டுக்கொண்டு மேலேறி, 4.5 மீட்டரில் உள்ள பின்சுவரை ஏறத்தாழ 1.84 மீட்டர் உயரத்தில் சேரும். அதற்குக் கீழே எழுதியதெல்லாம் தலைக்குப் பின்னால் போய்விடும். ஸ்டாலுக்குள் ஆழத்தில் நிற்கும் உங்கள் ஆட்கள் மறைப்பது இதைவிடக் குறைவு. 3 மீட்டர் முன்னால் நிற்பவர் 1.73 மீட்டர் வரைதான் மறைப்பார்.

மேல் எல்லை 2.3 மீட்டர். அதற்கு மேலே சட்டமும் விளக்குக் கைகளும் வரும். பேஷியா மறைக்குமோ என்ற கவலை பலருக்கு உண்டு. கீழ்விளிம்பு 2.2 மீட்டரில் இருக்கும் பேஷியா, நடைவழிக்குள் எங்கே நின்று பார்த்தாலும் சுவரை மறைக்காது.

ஆக, எந்நேரமும் படிக்கக் கிடைக்கும் பகுதி 1.85 மீட்டரிலிருந்து 2.3 மீட்டர் வரை உள்ள 45 செ.மீ. பட்டைதான். நம் இரண்டு வரிக்கும் 22-ம் 16-ம் சேர்த்து 38 செ.மீ. ஆகிறது, அடங்குகிறது. மூன்றாவது வரிக்கு இடமில்லை என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடுகிறது.

பட்டைக்குக் கீழே என்ன செய்வது? ஒரே நிறம், அல்லது துண்டு துண்டாக மறைந்தாலும் பொருள் கெடாத ஒரு பெரிய படம். கண்காட்சி முழுவதும் மறைந்திருக்கப்போகும் இடத்தில் தொழில்நுட்ப அட்டவணை எழுதாதீர்கள்.

அறிகுறி: எழுத்தின் நடுவே கம்பம் ஓடுகிறது

டிசைனர் 3 மீட்டர் சுவரை ஒரே தாளாக நினைத்து வரைந்திருப்பார். அரங்கில் கம்பங்கள் பலகையைவிட முன்னால் தள்ளி நிற்கும், ஏறத்தாழ 18 மி.மீ. பலகையில் ஒட்டும் வினைல் அந்த மேட்டில் ஏறாது. வெட்டித்தான் ஒட்டவேண்டும். வெட்டினால் எழுத்தில் 4 செ.மீ. காணாமல் போகும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, கம்பத்தை ஏற்றுக்கொண்டு சொற்களைப் பலகைக்கு ஒன்றாக வைப்பது. நம் முதல் வரி மூன்று சொல், பலகையும் மூன்று: இடப்பலகையில் 'பம்ப்', நடுவில் 'கேஸ்கெட்', வலத்தில் 'ஓ-ரிங்'. நடுப்பலகைதான் இறுக்கம். தமிழ் எழுத்தின் அகலத்தை உயரத்தைப்போல ஒன்றே கால் முதல் ஒன்றரை மடங்கு என்று கொள்ளலாம், சராசரியாக ஒன்றும் மூன்றில் ஒன்றும். 'கேஸ்கெட்' என்பதில் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் தனியாக எண்ணினால் ஆறு வடிவம். 12 செ.மீ. உயரத்துக்கு 96 செ.மீ. வேண்டும், பலகையோ 95. உயரத்தை 10.5-ஆகக் குறைத்தால் 84 செ.மீ., இரு பக்கமும் ஐந்தரை செ.மீ. விடலாம். இது போதுமான அளவு. வினைல் அச்சு மட்டும்தான் செலவு என்பதால் சிறு பட்டறைக்கு இதுவே ஏற்ற வழி.

மற்றொன்று, கம்பத்தை மூடுவது. 3 மி.மீ. சன்போர்டில் அச்சிட்டு, ஒவ்வொரு துண்டும் கம்பத்தின் நடுவில் வந்து சேரும்படி வெட்டவேண்டும். 12 செ.மீ. எழுத்து இதில் அடங்கும், மூட்டு சொல் இடைவெளியில் விழும். ஆனால் சன்போர்டைக் கம்பத்தில் மட்டும் டேப் போட்டு ஒட்டினால் நிற்காது. கம்பத்தின் முகம் ஒடுங்கியது, நடுவே பள்ளமும் ஓடுகிறது, டேப்புக்குப் பிடிப்பில்லை. அதனால் 5 மி.மீ. சன்போர்டு வெட்டுத்துண்டுகளை மூன்று நான்காக அடுக்கி, பலகைக்கும் படத்துக்கும் நடுவே முட்டுக் கொடுத்து, ஃபோம் டேப்பால் ஒட்டுங்கள். மேலே சட்டத்திலிருந்து 'எஸ்' கொக்கியில் தொங்கவிட்டால் எடையை அது தாங்கும், டேப் நேராகப் பிடித்தால் போதும். மழைக்காலக் கண்காட்சி என்றால் கொக்கி கட்டாயம். ஈரக்காற்றில் முதல் நாள் பிடித்த டேப் இரண்டாம் நாள் காலை விட்டிருக்கும். பலகையில் ஆணியும் திருகும் கூடாது. பசை படிந்தால் அமைப்பாளர் அபராதம் போடுவார், ஆகவே பிரித்தபின் துடைக்கத் துணியும் மண்ணெண்ணெயும் கையில் இருக்கட்டும்.

அறிகுறி: எழுத்து பெரிதுதான், ஆனாலும் வெளுத்துத் தெரிகிறது

நேரே நின்று பார்த்தால் எழுத்தின் மேல் வெள்ளைத் திட்டு. இரண்டடி நகர்ந்தால் திட்டும் நகர்கிறது. அப்படியானால் இது விளக்கின் பிரதிபலிப்பு. ஸ்பாட்லைட்டுகளை பேஷியாவின் உட்பக்கம் மாட்டிப் பின்சுவரைப் பார்க்கத் திருப்பியிருப்பார்கள். விளக்கு 2.4 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. பார்ப்பவரின் கண் 1.5 மீட்டர் உயரத்தில், 4.5 மீட்டர் தள்ளி. பளபளப்பான லேமினேஷன் கண்ணாடியைப்போல வேலை செய்து, திட்டு சுவரில் ஏறத்தாழ 2.04 மீட்டரில் விழும். நம் 45 செ.மீ. பட்டைக்கு நட்டநடுவே.

அச்சடிக்குமுன் என்றால் மேட் லேமினேஷன் கேளுங்கள், சிக்கல் அங்கேயே முடிந்தது. அடித்தாகிவிட்டது என்றால் விளக்கின் இடத்தை மாற்றுங்கள். பின்சுவரின் உச்சியில் 40 செ.மீ. நீட்டிய கையில் மாட்டிக் கீழ்நோக்கித் திருப்பினால், பிரதிபலிப்பு விழும் இடம் 2.4 மீட்டருக்கு மேலே, அதாவது நம் பட்டையைத் தாண்டிப் போய்விடும். இதில் ஒரு விலை உண்டு. சுவரை உரசிக்கொண்டு இறங்கும் ஒளி ஃப்ளெக்ஸின் ஒவ்வொரு சுருக்கத்தையும் நிழலாக்கிக் காட்டும். சன்போர்டுக்கும் நன்றாக ஒட்டிய வினைலுக்கும் அது பொருட்டில்லை. ஃப்ளெக்ஸ் என்றால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கவேண்டும். இந்த இடமாற்றத்தை அரங்கின் மின்பணியாளரே செய்யவேண்டும், அமைப்பு நாள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.

நகர்ந்து பார்த்தாலும் வெளுப்பு நகரவில்லையா? அப்போது நிறப்பிழை. போனில் சுவரைப் படமெடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். எழுத்தும் பின்புலமும் ஒரே சாம்பலாக வந்தால் தூரத்தில் படிக்க முடியாது. நீலத்தின் மேல் சிவப்பு இந்தச் சோதனையில் அடிக்கடி தோற்கும். வெள்ளையின் மேல் மஞ்சள் எப்போதும் தோற்கும். அடர்நீலத்தின் மேல் வெள்ளையும் மஞ்சளின் மேல் கறுப்பும் நிற்கும்.

அறிகுறி: கவுண்டரின் முகப்பில் எழுதியதை யாரும் படிப்பதில்லை

படிக்க மாட்டார்கள். 1 மீட்டர் உயரக் கவுண்டரை முன்வரிசையில் வைத்தால், நடைவழி நடுவிலிருந்து அது 1.5 மீட்டரில் இருக்கிறது. தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் உள்ள எழுத்தைப் பார்க்க ஏறத்தாழ 39 பாகை தலைகுனியவேண்டும். நடக்கிறவர் குனியமாட்டார். ஒருவர் கவுண்டரை ஒட்டி நின்றுவிட்டால் முகப்பே மறைந்துவிடும். ஆகவே முகப்பில் மேல் 40 செ.மீ. மட்டும்தான் பயன்படும். அங்கே முத்திரையும் பெயரும் போதும், கீழே பின்சுவரின் நிறத்தையே தொடருங்கள்.

கவுண்டரை நடுவில் வைத்தால் நுழைவு அடைபடும். ஓரமாகத் தள்ளி, 2 மீட்டர் திறந்து விடுங்கள். பக்கச்சுவரில் பெரிய படம் இருக்கும் பக்கம் வேண்டாம், எதிர்ப்பக்கம்.

கவுண்டரின் மெய்யான வலிமை அதன் மேற்பரப்பு. நின்று பேசுகிறவரின் கண்ணிலிருந்து அது 60, 70 செ.மீ. தூரம்தான். பின்சுவரிலிருந்து நாம் விலக்கியதெல்லாம் இங்கே வரலாம்: அளவு அட்டவணை, ரப்பர் வகை, எந்த வகை எவ்வளவு சூடு தாங்கும் என்ற விவரம், முகவரி, போன் எண். ஏ3 தாளில் 'ப' 6 முதல் 9 மி.மீ. உயரம் வரும்படி அச்சிட்டு, மேட் லேமினேஷன் செய்து நான்கு மூலையிலும் ஒட்டுங்கள். மாதிரிப் பொருளை அட்டவணையில் அதன் அளவு எழுதிய இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கையில் எடுப்பவர் பெயரையும் படித்துவிடுவார்.

க்யூஆர் குறியீட்டின் இடமும் இதுதான். எத்தனை தூரத்திலிருந்து போனைக் காட்டுவார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். பின்சுவரில் வைத்தால் 4.5 மீட்டருக்கு 45 செ.மீ. ஆகும், முக்கியப் பட்டையையே விழுங்கிவிடும். கவுண்டர் மேல் 8 செ.மீ. தாராளம்.

அறிகுறி: தமிழ் எழுத்து உடைந்து அச்சாகியிருக்கிறது

'கொ' இருக்கவேண்டிய இடத்தில் கொம்பு தனியாக, 'கா' தனியாக நிற்கும், அல்லது புள்ளி எழுத்தைவிட்டு விலகியிருக்கும். உங்கள் டிசைனரின் கணினியில் இருந்த எழுத்துரு அச்சகத்தின் கணினியில் இல்லை, அல்லது அங்குள்ள பழைய மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. கோப்பை அனுப்புமுன் எழுத்தையெல்லாம் கோட்டு வடிவமாக மாற்றிவிடவேண்டும். `CorelDRAW` என்றால் எழுத்தைத் தேர்ந்து `Ctrl+Q`, `Illustrator` என்றால் `Ctrl+Shift+O`. மாற்றியபின் எழுத்தைத் திருத்த முடியாது, ஆகவே மாற்றாத நகல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிழை பார்ப்பதை மாற்றிய கோப்பிலேயே செய்யுங்கள், உடைவது அந்த நிலையில்தான். அச்சகம் அனுப்பும் ப்ரூஃபை மறுபடியும் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

எல்லாம் ஒட்டியபின் பிழை தெரிந்தால்

அமைப்பு நாள் இரவில் முழுச்சுவரையும் மாற்ற நேரமிருக்காது. 45 செ.மீ. பட்டையை மட்டும் மாற்றுங்கள். 3 மி.மீ. சன்போர்டில் 45 செ.மீ. உயரம், தெரியும் பலகை அகலத்தில் மூன்று துண்டு, மேட் லேமினேஷன், பலகைக்கு ஒரு சொல் என்ற முறையில். ஒவ்வொன்றும் அரைக்கிலோவிலிருந்து முக்கால் கிலோவுக்குள் இருக்கும், மூன்றையும் ஆட்டோவின் பின்சீட்டில் படுக்கவைத்து நந்தம்பாக்கம் கொண்டுபோய்விடலாம். அகலத்தைக் கையேட்டிலிருந்து எடுக்காமல் அரங்கிலேயே டேப் வைத்து அளந்து, ஒவ்வொரு பலகைக்கும் 4 மி.மீ. குறைத்துச் சொல்லுங்கள். பலகைமேல் நேராக ஒட்டுவதால் முட்டு தேவையில்லை. பழைய அச்சின்மேல் தூசியைத் துடைத்து, துண்டின் பின்புறம் சுற்றிலும் ஃபோம் டேப்பும் நடுவே குறுக்காக ஒரு கோடும் போட்டு, கீழ்விளிம்பு தரையிலிருந்து 1.85 மீட்டரில் வரும்படி மூன்று பலகையிலும் பென்சில் குறி வைத்தபின் அழுத்துங்கள். எதிர் வரிசையை ஒட்டி ஒருவரை நிறுத்தி, மூன்று துண்டும் ஒரே மட்டத்தில் வருகிறதா என்று அங்கிருந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அரை செ.மீ. ஏற்ற இறக்கம் அருகில் தெரியாது, அங்கே தெரியும்.